தூண்டிலா, மடியா: ‘ட்ரோல்’ என்ற சொல் கடலிலிருந்து கைப்பேசிக்கு வந்த வழி

காசிமேட்டில் என் சித்தப்பா ஒருவர் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். அவருடைய மகன் ஒருநாள் சாப்பிடும்போது கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, யாரையோ ‘ட்ரோல்’ செய்துவிட்டார்கள் என்றான். சித்தப்பாவின் காதில் அது ‘ட்ரால்’ என்று விழுந்தது. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் இழுவைமடி கடலில் இறங்கக் கூடாது. “தடைக்காலத்தில் ட்ரால் போட்டது யார்?” என்று அவர் கேட்டார். வீடே சிரித்தது.

சிரித்த எங்களில் ஒருவருக்கும் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. சித்தப்பாவோ தவறான கருவியைப் பிடித்துக்கொண்டு சரியான கடலில்தான் நின்றிருந்தார். ட்ரோல் என்பது மீன்பிடியிலிருந்து வந்த சொல்தான். ஆனால் வலையிலிருந்து வரவில்லை, தூண்டிலிலிருந்து வந்தது.

ஆங்கிலத்தில் ட்ரால் வேறு, ட்ரோல் வேறு. ட்ரால் என்பது கடலடியில் இழுத்துச் செல்லும் பை போன்ற வலை. நம் அரசாணைகள் இழுவைமடி என்று சொல்வது இதைத்தான். காசிமேட்டுத் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டியிருக்கும் விசைப்படகுகளில் பெரும்பாலானவை இந்த வேலைக்கானவை. ட்ரோல் என்பது ஓடும் படகின் பின்னால் தூண்டில் கயிற்றை நீளமாக விட்டு இழுத்துக்கொண்டே போவது. வஞ்சிரம், பாரை, சீலா, சூரை போன்ற, இரையை விரட்டிப் பிடிக்கும் மீன்களுக்கு உலகம் முழுவதும் இந்த முறை உண்டு. இரண்டிலும் படகு ஓடுகிறது, இரண்டிலும் ஏதோ ஒன்று பின்னால் இழுபடுகிறது. அதனால் ஆங்கிலம் பேசுகிறவர்களே இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

இழுக்கும் தூண்டில் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இணையச் சொல்லின் முழு நுட்பமும் அதற்குள் இருக்கிறது. கயிற்றின் முனையில் பெரும்பாலும் உண்மையான இரை இருக்காது. பளபளக்கும் ஒரு தகடு, இறகுக் கொத்து, பிளாஸ்டிக் கணவாய் என்று ஏதாவது ஒன்று முள்ளை மறைத்துக்கொண்டிருக்கும். அது நீரில் நேராக ஓடக் கூடாது. அடிபட்ட சிறுமீன் தள்ளாடுவதுபோல் ஆட வேண்டும். பெரிய மீனைச் சுண்டி இழுப்பது அந்தத் தள்ளாட்டம்தான், எளிதாகப் பிடித்துவிடலாம் என்ற நினைப்பை அது தருகிறது. படகு மணிக்கு 7 முதல் 11 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சரியாக இருக்கும். மெதுவாகப் போனால் மீனுக்கு உற்றுப் பார்க்க நேரம் கிடைத்துவிடும், தகடு என்று தெரிந்துவிடும். வேகம் கூடினால் இரை நீர்மட்டத்துக்கு வெளியே துள்ளும், எந்த மீனும் நம்பாது. இவ்வளவையும் சரியாகச் செய்தாலும், கடைசி வேலையை மீன்தான் செய்ய வேண்டும். அது வந்து கவ்வவில்லை என்றால் படகுக்காரருக்கு எரிபொருள் செலவுதான் மிச்சம்.

சொல்லின் பழைய வரலாறு நீளமானது, அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பழைய பிரெஞ்சில் வேட்டைக்காரர்கள் இரையைத் தேடிக் குறிப்பிட்ட தடமில்லாமல் அலைவதைக் குறித்த ஒரு வினைச்சொல்லிலிருந்து இது வந்திருக்க வேண்டும் என்பது அகராதிக்காரர்களின் கணிப்பு. 1600 வாக்கில் ஆங்கிலத்தில் தூண்டிலுக்கு வந்துவிட்டது. 1682-இல் ராபர்ட் நாப்ஸ் என்பவர் ‘ட்ரோலர்’களுக்கென்றே ஒரு கையேடு அச்சிட்டார். இன்று அந்தத் தலைப்பைப் பார்க்கிறவர்கள் திகைத்துப் போவார்கள். உள்ளே இருப்பதெல்லாம் நன்னீர் மீன் பிடிக்கும் வழிதான். 1972-இல் வியட்நாம் போரின்போது அமெரிக்கக் கடற்படை விமானிகள், எதிரியின் மிக் விமானங்களை வெளியே வரவழைக்கத் தாங்களே இரைபோல் பறந்து காட்டுவதற்கு இதே சொல்லைப் பயன்படுத்தினார்கள். தூண்டில் அப்போதே உவமையாகிவிட்டது.

இணையத்துக்கு அது வந்து சேர்ந்த இடம் யூஸ்நெட். வலைத்தளங்கள் பரவுவதற்கு முன்பே, 1979-இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் திட்டமிட்டு, 1980-இல் இயங்கத் தொடங்கிய உரையாடல் வலைப்பின்னல் அது. அதில் பொருள்வாரியாகக் குழுக்கள் இருந்தன. நகர்ப்புற வதந்திகளையும் கட்டுக்கதைகளையும் அலசுவதற்கென்றே இருந்த குழுவின் பெயர் alt.folklore.urban. இணையப் பொருளில் ட்ரோல் என்ற சொல்லுக்குப் பலரும் எடுத்துக்காட்டும் பழைய சான்று, அந்தக் குழுவில் 1992 டிசம்பரில் எழுதப்பட்ட ஒரு வரி.

அங்கே ‘ட்ரோலிங் ஃபார் நியூபீஸ்’ என்று ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வந்தவர்களுக்காகத் தூண்டில் இழுப்பது என்று அதைச் சொல்லலாம். குழுவில் நூறு முறை பேசி முடித்த ஒரு பழைய சங்கதியை, ஒன்றும் தெரியாதவர்போல் ஒரு பழைய உறுப்பினர் எழுதுவார். கண்ணாடி உண்மையில் மெதுவாக வழியும் திரவம், அதனால்தான் ஐரோப்பாவின் பழைய தேவாலய ஜன்னல்களின் கீழ்ப்பகுதி தடித்திருக்கிறது என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அது தவறு. அந்தக் காலத்தில் கண்ணாடியைச் சுழற்றித் தட்டாக்கி வெட்டியதால் துண்டுகள் ஒரே தடிமனாக அமையவில்லை, அவ்வளவுதான். சாதாரண வெப்பநிலையில் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வழிய, பிரபஞ்சத்தின் வயதே போதாது. பழையவர்கள் எல்லோருக்கும் இது தெரியும், சிரித்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். நேற்றுச் சேர்ந்தவர் மட்டும் வேர்க்க விறுவிறுக்க மூன்று பத்தி விளக்கம் எழுதுவார். பிறகு அவருக்கு ஒரு பதில் வரும்: YHBT. YHL. HAND. நீ தூண்டிலில் சிக்கிவிட்டாய், நீ தோற்றுவிட்டாய், இந்த நாள் உனக்கு இனிதாகட்டும் என்பதன் முதலெழுத்துகள் அவை.

இதில் ‘தோற்றுவிட்டாய்’ என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். விளக்கம் எழுதியவர் சொன்னது சரி. வாதத்தில் வென்றவர் அவர்தான். ஆனால் நடந்துகொண்டிருந்தது வாதமே இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. சூதைப் பற்றித் திருக்குறள் பேசும்போது, வென்றாலும் அந்த வெற்றி மீன் தூண்டிற்பொன்னை விழுங்கியது போன்றது என்கிறது. முள்ளைச் சுற்றியிருக்கும் இரை எது என்றால், வெற்றியேதான். ட்ரோல் என்ற உத்தியின் இயந்திரம் இதைவிட வேறொன்றுமில்லை. எதிராளிக்கு எளிதான ஒரு வெற்றியைத் தள்ளாட விட்டுக் காட்டுவது.

நானும் ஒருமுறை அதை விழுங்கியிருக்கிறேன். ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை ஆட்கள் சேர்ந்து நடத்தும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். பழைய படங்கள், பழைய கால்பந்து ஆட்டங்கள், எந்தத் தெருவுக்கு எந்தப் பெயர் என்ற பேச்சு, இப்படி ஓடும். ஒருநாள் காலையில் நண்பர் ஒருவர் ஒரே ஒரு வரி போட்டார்: தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் சென்ட்ரலிலிருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பிய நாள் எது, யாருக்காவது நினைவிருக்கிறதா?

ராயபுரத்தில் வளர்ந்த ஒருவருக்கு இதைப் பார்த்துவிட்டுக் கடந்து போக முடியாது. தேதியைத் தேடவே தோன்றவில்லை. 1856 ஜூலை 1 அன்று அந்த ரயில் கிளம்பியது ராயபுரத்திலிருந்து, அதற்குச் சில நாட்கள் முன்பு, ஜூன் 28 அன்று, ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்த நிலையம் அது, சென்ட்ரல் வந்ததே 1873-இல்தான், பிறக்காத நிலையத்திலிருந்து ரயில் எப்படிக் கிளம்பும் என்று எழுதினேன். ராயபுரம் நிலையத்துத் தூண்களின் படத்தையும் சேர்த்தேன். அலுவலகத்துக்கு அரைமணி நேரம் தாமதம். குழுவில் பெரியவர்கள் யாரும் வாயே திறக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து நண்பர் ஒரு மீன் படத்தைப் போட்டார், வேறொன்றும் எழுதவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தபோது அந்த வரியின் நேர்த்தி புரிந்தது. அதில் ஆண்டு சரி, போய்ச் சேர்ந்த ஊர் சரி. 1856 என்று தெரிந்தவருக்கு, வாலாஜா ரோடு என்று தெரிந்தவருக்கு, ராயபுரம் மட்டும் தெரியாமலிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எல்லாம் சரியாக இருந்து, அந்தக் கூட்டத்துக்கு எது உயிரோ அது மட்டும் தவறாக இருந்தால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தவறு முழுக்க அபத்தமாகவும் இருக்கக் கூடாது. முதல் ரயில் மதுரையிலிருந்து கிளம்பியது என்று எழுதியிருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன், நீர்மட்டத்துக்கு மேலே துள்ளும் தகடு அது. இன்னொன்று, அவர் தன் தவறைக் கேள்வியின் முன்னுரையாக வைத்து, தேதியைக் கேட்பதுபோல் கேட்டிருந்தார். தமிழில் இதற்குப் ‘போட்டு வாங்குவது’ என்று ஏற்கெனவே பெயர் இருக்கிறது. ஒன்றைப் போட்டு, மற்றவர் வாயிலிருந்து வேண்டியதை வாங்குவது. அவர் எழுதச் செலவழித்தது அரை நிமிடம், என்னிடமிருந்து வாங்கியது அரைமணி நேரம். இந்தக் கணக்கு எவ்வளவு ஏறுமாறாக இருக்கிறதோ அவ்வளவுக்குத் தூண்டில் போட்டவருக்கு மகிழ்ச்சி.

ஆனால் இந்த அடையாளங்களை நம்பி எல்லாவற்றையும் தூண்டில் என்று சொல்லிவிட முடியாது. சில மாதங்கள் கழித்து, வெளியூரிலிருந்து தண்டையார்பேட்டைக்குக் குடிவந்து குழுவில் சேர்ந்த ஒருவர், கிட்டத்தட்ட அதே தவறோடு ஒரு வரி எழுதினார். சூடு கண்ட பூனைகளான நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. ஒருவர் மீன் படம் போட்டார், அடுத்தவரும் போட்டார், எட்டுப் பத்து மீன்கள் வரிசையாக வந்தன. அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் எழுதியிருக்கிறார். மறுநாள் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். எழுத்தில் முகமும் குரலும் இல்லை. தெரியாதவரும் தெரியாதவராக நடிப்பவரும் ஒரே வரியைத்தான் எழுதுவார்கள். இணைய உரையாடலை ஆராய்ந்த ஜூடித் டோனத் 1999-இலேயே இதைச் சொல்லியிருந்தார்: ட்ரோல் என்பது ஆடுபவர்களில் பெரும்பாலானவர்களின் சம்மதம் கேட்காமல் நடக்கும் ஆள்மாறாட்ட விளையாட்டு, அது ஒரு குழுவில் அடிக்கடி நடந்தால் உண்மையான அப்பாவிக் கேள்விகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். கெடுதல் சிக்கிய மீனுக்கு மட்டும் இல்லை, அடுத்து அந்தப் பக்கம் வருகிறவருக்கும்தான்.

இதற்கு நடுவில் ஆங்கிலத்திலேயே சொல் ஒரு வளைவு வளைந்தது. தூண்டில் இழுப்பது என்ற வினைச்சொல்லிலிருந்து, அதைச் செய்பவருக்கும் ட்ரோல் என்று பெயர் வந்தது. அந்தப் பெயர்ச்சொல் ஆங்கிலத்தில் வேறு பொருளில் ஏற்கெனவே இருந்தது. ஸ்காண்டிநேவியக் கதைகளில் பாலத்தடியிலும் குகையிலும் ஒளிந்திருந்து வருவோர் போவோரை மறிக்கும் பூதத்தின் பெயர் அது. இரண்டுக்கும் வேர் வேறு, ஒலி மட்டும் ஒன்று. மறைந்திருந்து வம்பு செய்யும் ஆளுக்குப் பூதத்தின் உருவம் கச்சிதமாகப் பொருந்தியதால், மீனவரை மெல்லத் தள்ளிவிட்டுப் பூதம் உட்கார்ந்துகொண்டது. ‘பூதத்துக்குத் தீனி போடாதே’ என்ற புகழ்பெற்ற அறிவுரை இந்த இரண்டாம் கட்டத்துக்கு உரியது. கவனித்தால் தீனியின் திசையே மாறியிருப்பது தெரியும். தூண்டிலில் இரை வைப்பவர் அவர், விழுங்குவது நாம். பூதக் கதையில் உணவு நம் கையில் இருக்கிறது, விழுங்குவது அது.

செயலின் பெயராக இருந்தவரை ட்ரோல் ஒரு விளையாட்டு, சில நேரம் கெட்ட விளையாட்டு. ஆளின் பெயராக ஆனபிறகு எல்லாவகைக் கொடுமைக்காரரையும் அதற்குள் அடைக்க முடிந்தது. 2011-இல் பிரிட்டனில், இறந்துபோன பதின்வயதினரின் நினைவுப் பக்கங்களில் வக்கிரமாக எழுதிய ஒருவருக்கு 18 வாரச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. செய்தித்தாள்கள் அவரை ட்ரோல் என்றே எழுதின. அங்கே பொய் இரை எங்கே, எளிதான வெற்றி எங்கே? துக்கத்தில் இருக்கும் குடும்பத்தை நேராக வதைத்தார், அவ்வளவுதான். தூண்டிலின் பொருள் அந்தப் பயன்பாட்டில் ஒரு துளிகூட மிஞ்சவில்லை.

தமிழுக்கு ட்ரோல் வந்தது அதற்குப் பிறகு, மீம்கள் பெருகிய காலத்தில். வந்தபோதே அது மூன்றாவது ஒரு பொருளோடு வந்தது. சித்தப்பா மகன் சொன்னதை மீண்டும் கேளுங்கள்: யாரையோ ட்ரோல் செய்துவிட்டார்கள். யூஸ்நெட் ஆட்கள் புதியவர்களுக்‘காக’த் தூண்டில் இழுத்தார்கள். நாம் ஒருவ‘ரை’ ட்ரோல் செய்கிறோம். வேற்றுமை உருபு ஒன்று மாறியதில் மீனின் நிலைமையே மாறிவிட்டது. முன்பு அது வந்து கவ்வ வேண்டும், இப்போது அது சும்மா இருந்தாலே போதும். ஒரு அரசியல்வாதி மேடையில் தடுமாறிய பேச்சு, ஒரு நடிகரின் உடை, தோற்ற கிரிக்கெட் அணி, யாரும் யாருக்கும் இரை வைக்கவில்லை. ஆயிரம் பேர் சேர்ந்து கேலி செய்வதற்குப் பெயர் இங்கே ட்ரோல்.

கேலி, கிண்டல், நையாண்டி, பகடி என்று இத்தனை சொற்கள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். என் ஊகம் இது. அந்தச் சொற்களில் எல்லாம் ஒருவர் பேசுகிறார், ஒருவர் கேட்கிறார், கேட்கிறவர் திருப்பிச் சொல்லவும் முடியும். தெருமுனைக் கேரம் பலகையைச் சுற்றி நடக்கும் கிண்டலுக்கு இலக்கானவர் அடுத்த ஆட்டத்தில் பழி தீர்த்துக்கொள்வார். முகம் தெரியாத கூட்டம், படத்தை வெட்டி ஒட்டி, இலக்கானவர் இல்லாத இடத்தில் செய்யும் கேலிக்கு நம்மிடம் பெயர் இல்லை. புதிய பண்டத்துக்குப் புதிய பெயரை எடுத்துக்கொண்டோம். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல்லின் மூலப் பொருளுக்குத் தமிழில் பெயர் முன்பே இருந்தது. வம்புக்கு இழுப்பது என்கிறோமே, அதில் அந்த ‘இழுப்பு’கூட அப்படியே இருக்கிறது.

இப்போது சித்தப்பாவின் தவறுக்குத் திரும்பலாம், அது அவ்வளவு தவறாக எனக்குத் தோன்றவில்லை. தூண்டில் மீனின் ஆசையை நம்பியிருக்கிறது. இழுவைமடிக்கு மீனின் ஆசை தேவையில்லை. அது போகும் வழியில் இருக்கும் எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். தேடிப் போன இறாலோடு, விலைபோகாத குஞ்சும் குறுமீனும் சேர்ந்து வரும். கழிவு மீன் என்று அவற்றைத் தனியே ஒதுக்கித் தீவனத்துக்கு அனுப்புவார்கள். தமிழில் நாம் ட்ரோல் என்று சொல்வது, நடைமுறையில் ட்ரால்தான்.

துறைமுகத்தில் மீன் விற்கும் ஓர் அக்கா எனக்குப் பழக்கம். யாரோ ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே வஞ்சிரத்துக்கு விலை கேட்டு, பாதி விலைக்குப் பேரம் பேசியிருக்கிறார். அக்கா கோபமாக ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வெட்டி, பின்னால் சிரிப்பொலி சேர்த்து, யாரோ பரப்பிவிட்டார்கள். அக்காவிடம் இருந்தது பொத்தான் கைப்பேசி. நான்கு நாட்கள் கழித்து, வாங்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் அதே வாக்கியத்தை அதே இழுப்போடு சொல்லிச் சிரித்தபோதுதான் அவருக்குச் செய்தி தெரிந்தது.

பதில் சொல்லாதே, கண்டுகொள்ளாதே, தானாக அடங்கிவிடும் என்று அவருக்கு ஆளாளுக்கு அறிவுரை சொன்னார்கள். நானும் சொன்னேன். தூண்டிலுக்கு அது சரியான வைத்தியம். கவ்வாத மீனைப் பிடிக்க முடியாது, இழுப்பவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். அக்காவோ எதையும் கவ்வவே இல்லை. நான்கு நாட்களாக அவருக்கே தெரியாமல் அவர் மௌனமாகத்தான் இருந்தார், அந்த நான்கு நாட்களில்தான் படம் அதிகம் பரவியது. அவர் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அந்த ஓட்டத்தில் அது ஒரு பொருட்டே இல்லை.

கடைசியில் உதவியது வேறு. அவர் மகள் அந்தப் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதை வெளியிட்டவருக்கு முழு உரையாடலையும் எழுதி அனுப்பினாள். படத்தை எடுக்கச் சொல்லி, அந்தத் தளத்திலேயே புகாரும் கொடுத்தாள். மூலப் பதிவு நீங்கியது. நகல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. அக்கா இப்போது யாராவது கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து விலை கேட்டால், முதலில் அதைச் சட்டைப் பையில் போடச் சொல்கிறார், பிறகுதான் விலை சொல்கிறார்.